தரையை உயர்த்தினால் பழைய ஈரத்தடுப்பு அடுக்கு புதைந்துவிடுகிறது, என்ன செய்வது?

தாழ்வான பகுதியில் தரைத்தளம் மட்டுமே உள்ள வீடு, 9 அங்குலச் செங்கல் சுவர்தான் பாரம் தாங்குகிறது, தூண்கள் இல்லை. கட்டும்போது அடித்தளம் சாலையைவிட இரண்டடி உயரம். சாலை மேல் சாலை போட்டு இப்போது அரையடிதான் மிச்சம். போன மழையில் முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ளே வந்து சில நாள் நின்றது. பிளைவுட் அலமாரி உப்பிவிட்டது, கதவுகள் அடியில் தாள் தாளாகப் பிரிந்தன. தண்ணீர் வடிந்து மாதங்கள் ஆகியும் சுவரில் மூன்றடி வரை வெள்ளை உப்பு பூக்கிறது, விரலால் தேய்த்தால் பூச்சு மாவாக உதிர்கிறது.

உள்பக்கம் வாட்டர்புரூஃப் பூச்சு அடித்துப் பார்த்தோம், கொப்புளம் விட்டு உரிந்தது. அப்புறம் சிமென்ட் அதிகமாகக் கலந்து பூசினோம், ஈரம் அதற்கு மேலே ஏறிவிட்டது.

ஜாக்கி வைத்துத் தூக்கலாமென்றால் ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. அதனால் உள்ளே இரண்டடி நிரப்பித் தரையை உயர்த்தப் போகிறோம். கூரை பத்தரை அடி என்பதால் உயரம் போதும், வாசல் லிண்டல்களை மட்டும் வெட்டி ஏற்ற வேண்டும். டைல்ஸ் தரை, யுபிவிசி கதவு, ஃபெரோசிமென்ட் அலமாரி, மேலிருந்து இறங்கும் வயரிங், இதெல்லாம் முடிவாகிவிட்டது.

சிக்கல் இதுதான்: பழைய ஈரத்தடுப்பு அடுக்கு பழைய தரை மட்டத்தில் இருக்கிறது. அதற்கு மேல் மண் நிரப்பினால், மண்ணின் ஈரம் அந்த அடுக்கைத் தாண்டி நேராகச் சுவருக்குள் போகும்.

புதிய தரை மட்டத்தில் சுவரைத் துண்டு துண்டாக அறுத்துத் தகடு செருகுவதா, துளையிட்டு ரசாயனம் ஏற்றுவதா, வெள்ளம் பார்த்த பழைய செங்கல் சுவரில் எது நின்றது?