நாளைக்கு என்ன கொண்டு போவது?

வாட்ஸ்அப் குழு: பரமேஸ்வரி பாட்டி குடும்பம்
சனிக்கிழமை, பிற்பகல்

துஷி: அவசரம். நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். நல்ல கிஃப்ட் ஏதாவது சொல்லுங்கள்.

கஜன்: யாருக்கு?

ரவி அண்ணா: தங்கக் காசு. உலகத்தில் எவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

மலர் அக்கா: சுவர் மணிக்கூடு மட்டும் வேண்டாம். என் கல்யாணத்துக்கு வந்த மணிக்கூடுகளில் பாதி இன்னும் பெட்டி பிரிக்காமல் அம்மா வீட்டில் கிடக்கிறது. நான் ஸ்கார்பரோ வந்தே எத்தனை வருடம்.

பவளம் மாமி: குத்துவிளக்கு கொடுக்கலாம். எவருக்கும் பொருந்தும். கொடுத்த ஆளிடமே சுற்றித் திரும்பி வராவிட்டால் சரி.

ரவி அண்ணா: மாமி, அது பழைய கதை.

பவளம் மாமி: விளக்கின் அடியில் என் பெயர் வெட்டியிருந்தது ரவி. சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது.

கஜன்: 😂😂

சிவம் சித்தப்பா: பிள்ளை துஷி, இப்படிக் கேட்டால் யார் என்ன சொல்வது? நான் கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடைக் கவுண்டரில் நின்ற காலம் முழுக்க இதுதான் நடந்தது. ஆள் வந்து "ஒரு நல்ல பொருள் காட்டுங்கள்" என்பார். நாங்கள் முதலில் நகைத் தட்டை எடுக்க மாட்டோம். என்ன விசேஷம், ஆணா பெண்ணா, என்ன வயது, எவ்வளவு வரை போகலாம் என்று மெல்லக் கேட்போம். விசேஷம் தெரிந்தாலே பாதித் தட்டு உள்ளே போய்விடும். ஒருமுறை ஒருவர் தோடு எடுத்துக்கொண்டு போய் மறுநாளே திரும்பி வந்தார். பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லையாம்.

கஜன்: சித்தப்பா, அவள் ஆன்லைனில் இல்லை.

மலர் அக்கா: எங்கள் துஷி சின்னதிலேயே இப்படித்தான். கேள்வியை வீசிவிட்டு ஓடிவிடுவாள்.

துஷி: சாரி, பஸ்ஸில் நிற்கிறேன். பம்பலப்பிட்டியில் ஒரே நெரிசல். கீழ்மாடி வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அக்கா லிஃப்டில் வைத்துச் சொன்னார். நாளைக்கு மூன்று மாதமாம், பத்தரைக்கு முன் வந்துவிடச் சொன்னார். கதவு மூடிவிட்டது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ரவி அண்ணா: மூன்று மாதம் என்றால் குழந்தைதான். நான் சொன்னது சரி. தங்கக் காசு.

மலர் அக்கா: அட, குழந்தையா! உடுப்பு வாங்கினால் மூன்று மாத அளவு வாங்காதே, ஒரு வயது அளவு வாங்கு. என் மகனுக்கு வந்த சின்ன உடுப்பெல்லாம் ஒரு முறைகூடப் போடாமல் சின்னதாகிவிட்டது.

சிவம் சித்தப்பா: குழந்தை என்றால் கேள். காசு கொடுப்பதில் ஒரு நன்மை உண்டு, ரவி சொல்வது பாதி சரி. காசுக்குச் செய்கூலி குறைவு. பிறகு விற்கப் போனால் எடைக்கு ஏற்ற பணம் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் பெட்டிக்குள் வைக்கிற பொருள் அது, குழந்தை போட்டுப் பார்க்கிற பொருள் இல்லை. நம் ஆட்கள் பிறந்த முப்பத்தொன்றாம் நாளுக்குப் பஞ்சாயுதம் போடுவார்கள். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தும் சின்னதாகக் கோத்தது. சிங்கள வீடுகளிலும் போடுவார்கள், அதனால் யாருடைய வீடு என்றாலும் பிழை வராது.

சிவம் சித்தப்பா: காப்பு வாங்குவது என்றால் கவனம். உள்ளே வெற்றாக, மெல்லிய தகட்டில் செய்த காப்பு பெரிதாகத் தெரியும், எடை குறைவு. குழந்தை தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் நசுங்கிவிடும், நசுங்கியதை எடுப்பது கஷ்டம். எடை கொஞ்சம் கூடினாலும் கட்டியாகச் செய்த, வாயைத் திறந்து பெரிதாக்கக்கூடிய காப்பு எடு. அது ஒரு வருடத்துக்காவது கையில் ஏறும். 22 கரட் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது, உள்பக்கம் முத்திரை இருக்கிறதா என்று பார். பில்லில் எடை, செய்கூலி, சேதாரம் தனித்தனியாக எழுதச் சொல். பின்னால் மாற்றப் போகும்போது அந்தப் பில்தான் பேசும். காப்பு, சங்கிலி எல்லாவற்றிலும் செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான், தங்கத்துக்கு மட்டுமே பணம் வரும்.

ரவி அண்ணா: அதனால்தான் காசு என்கிறேன். அதுவும் 24 கரட்.

சிவம் சித்தப்பா: காசுக்கு 24 சரி. நகைக்கு 24 எடுத்தால் மெழுகு மாதிரி வளையும். இரண்டையும் ஒன்றாகப் பேசாதே ரவி.

கஜன்: துஷி அக்கா, பட்ஜெட் எவ்வளவு?

துஷி: ஐயாயிரம் 🙈

கஜன்: 💀

சிவம் சித்தப்பா: ஐயாயிரத்துக்குச் செட்டியார் தெருவில் பஞ்சாயுதத்தின் ஓர் ஆயுதம்கூட வராது பிள்ளை. அதை முதலில் சொல்லியிருக்கலாம்.

ரவி அண்ணா: அப்படியென்றால் கெய்சர் வீதிக்குப் போய்ப் படுக்கை விரிப்பு, துவாய் செட் எடு. மொத்தக் கடைகள் இன்று திறந்திருக்கும், மழை வர முன் போ.

மலர் அக்கா: மழையா? இங்கே வெயில் காலம். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம் முடிந்துவிட்டதா? ஒருவரும் அனுப்பவில்லை, சும்மா கேட்கிறேன்.

பவளம் மாமி: சாப்பாடு முடிந்தது. இத்தனை மெசேஜா! துஷி, எந்தக் கீழ்மாடி? உன் கட்டடத்தில் மூன்றாம் மாடி குசும் வீடா?

துஷி: ஓம் மாமி, குசும் அக்கா.

பவளம் மாமி: அங்கே எங்கே குழந்தை? குசுமின் மாமியார் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு செத்தவர். ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். நீ வைகாசியில்தான் மட்டக்களப்பிலிருந்து வந்தாய், உனக்குத் தெரியாது.

துஷி: ஐயோ.

கஜன்: காப்பு வாங்கிக்கொண்டு போயிருப்பாள் 😭

பவளம் மாமி: சிரிக்காதே கஜன். நாளைக்கு மூன்று மாதத் தானம். செத்தவர் பெயரில் பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். ஏழாம் நாள் ஒன்று நடக்கும், மூன்றாம் மாதம் ஒன்று, வருடத்தில் ஒன்று. கலர் தாள் சுற்றி ரிப்பன் கட்டிப் போகிற இடம் இல்லை. வெள்ளை, அல்லது மங்கலான நிறத்தில் உடுத்துப் போ. பட்டும் வேண்டாம், கழுத்து நிறைய நகையும் வேண்டாம்.

ரவி அண்ணா: அப்படியென்றால் அட்டபிரிகர வாங்கு. மருதானைப் பக்கம் பெட்டியாகவே கட்டி விற்பார்கள். அதுதான் முறை.

பவளம் மாமி: முறைதான், ஆனால் உன் வேலை இல்லை. சீவர உடை மூன்று, பாத்திரம், சவரக்கத்தி, ஊசிநூல், இடைக்கச்சை, தண்ணீர் வடி என்று எட்டுப் பொருள் அதில் இருக்க வேண்டும். அதை வீட்டுக்காரரே கொடுப்பார்கள். பெரிய பிக்கு ஒருவருக்குத்தான் கொடுப்பது வழக்கம், அது ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். சீவரத்தின் நிறமும் எல்லா விகாரையிலும் ஒன்று இல்லை. தெரியாமல் வாங்கினால் சங்கடம்.

ரவி அண்ணா: என் ஆபீஸில் ஒருவர் கொடுத்தார் மாமி.

பவளம் மாமி: அவர் வீட்டுத் தானமாக இருக்கும் ரவி.

மலர் அக்கா: இங்கே என்றால் பூவும் கார்டும் அனுப்புவோம்.

பவளம் மாமி: நான் தெஹிவளையில் இந்தச் சனங்களோடு எத்தனை தானத்துக்குச் சமைத்திருக்கிறேன். துஷி, இன்றைக்கு மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கீழே இறங்கு. அந்த வீட்டில் சனிக்கிழமை இரவே காய் வெட்டுவார்கள், தேங்காய் துருவுவார்கள். கதவு திறந்தே இருக்கும். போய் உட்கார்ந்து ஒரு கத்தியைக் கையில் எடு. நாளைக்கு என்ன குறைகிறது என்று குசுமின் அக்காவிடம் கேள், குசுமிடம் கேட்காதே. குசும் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வாள். அக்கா உண்மையைச் சொல்லுவாள்.

துஷி: கேட்டால் நல்லதா? நானே புதிய ஆள்.

பவளம் மாமி: கேட்பதுதான் நல்லது. தயிர்ச் சட்டியும் கித்துள் பாணியும் கடைசியில் வைப்பார்கள். ஐந்து வீட்டுக்காரர் ஐந்து சட்டி கொண்டுவந்தால் வீட்டில் வைக்க இடம் இல்லை. ஒருவரும் கொண்டுவராவிட்டால் குசுமின் மகன் காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு ஓட வேண்டும். கேட்காவிட்டால் எது நடக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

சிவம் சித்தப்பா: பவளம் சொல்வது சரி. என் நாலு கேள்வியில் முதல் கேள்வியே இதுதான், என்ன விசேஷம்.

கஜன்: சித்தப்பா, நீங்கள் குழந்தை என்று முடிவே எடுத்துவிட்டீர்கள் 😌

சிவம் சித்தப்பா: ரவிதான் சொன்னான்.

பவளம் மாமி: வேறு ஒன்று. சாமான்தான் என்றால் பால்மா, சீனி, தேயிலை. பிக்குமார் போன பிறகு வருகிற ஆட்கள் எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்ற வேண்டும், அது எப்போதும் குறையும். ஐயாயிரத்துக்குள் அடங்கும். சும்மா பையில் போட்டு இன்றைக்கே கொடுத்துவிடு, நாளைக்குக் கூட்டத்துக்குள் நீட்டாதே.

மலர் அக்கா: மீன், இறைச்சி வைப்பார்களா? மரக்கறிதானே?

ரவி அண்ணா: மரக்கறி மட்டும். பிக்குமார் சாப்பிட மாட்டார்கள்.

பவளம் மாமி: எந்த வீடு என்பதைப் பொறுத்தது. நான் போன வீடுகளில் மீன் அம்புல்தியல் வைத்ததும் உண்டு, முழு மரக்கறியும் உண்டு. அதனால் சமைத்த கறி கொண்டு போவதென்றால் அதையும் அக்காவிடம் கேட்டுச் செய்.

துஷி: பத்தரைக்கு ஏன் அவ்வளவு அவசரம்? சாப்பாடு மதியம்தானே.

பவளம் மாமி: பிக்குமார் நண்பகலுக்கு முன் சாப்பிட்டு முடிக்க வேண்டும். நம் வீட்டு விசேஷம் மாதிரிப் பன்னிரண்டரைக்குப் போனால் பாத்திரம் கழுவத்தான் போவாய். அவர்கள் சாப்பிட்டபின் வீட்டார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு செம்பிலிருந்து கிண்ணத்துக்குள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது வழிந்து ஓடும்வரை ஊற்றுவார்கள். புண்ணியம் செத்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்று. அந்த நேரம் பேசாமல் தரையில் உட்கார். போனை ஓஃப் பண்ணு.

கஜன்: அக்காவுக்குப் போனை ஓஃப் பண்ணத் தெரியாது.

துஷி: வாயை மூடு. மாமி, நாளைக்குப் பின்னேரம் நான் பிள்ளையார் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். செத்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

மலர் அக்கா: துடக்கு அவர்களுக்குத்தான், உனக்கு ஏது?

சிவம் சித்தப்பா: குளித்துவிட்டுப் போகலாம்.

பவளம் மாமி: என் மாமியார் விடமாட்டார். எனக்குத் தெரியாது பிள்ளை, கோயில் ஐயரிடம் கேள்.

ரவி அண்ணா: மாமி, மூன்று மாதத்துக்கு என்ன துடக்கு? நான் போவேன்.

பவளம் மாமி: நீ விளக்கே திருப்பிக் கொடுப்பாய், உனக்கு எதுவும் பிரச்சினை இல்லை.

துஷி: சரி, வெள்ளவத்தையில் இறங்கிவிட்டேன். பால்மாவா, தயிரா?

பவளம் மாமி: முதலில் கீழே போய்க் கேள் என்று சொன்னேனே.

துஷி: கடை வாசலில் நிற்கிறேன் மாமி. வீட்டுக்குப் போய்த் திரும்பி வர ஏலாது. தேயிலையும் சீனியும் வாங்கிவிடவா? தயிர் பிறகு பார்ப்போம்?

சிவம் சித்தப்பா: தேயிலை கெட்டுப்போகாது.

மலர் அக்கா: மாம்பழம் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.