ஹீத்ரோவில் 7 மணி நேரம்: சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

புதுப் பயணி:
ஆகஸ்ட் கடைசியில் படிக்கப் போகிறேன். சென்னை, லண்டன் ஹீத்ரோ, அப்புறம் டொராண்டோ. எல்லாம் ஒரே டிக்கெட். ஹீத்ரோவில் 7 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. அங்கே எல்லாமே யானை விலை என்கிறார்கள். கையில் கனடா டாலர் ஏற்றிய கார்டு மட்டும்தான் இருக்கும். 10 பவுண்டுக்குள் சமாளிக்க முடியுமா?

வேளச்சேரிக்காரர்:
வீட்டுச் சாப்பாடு மட்டும் கட்டிக்கொண்டு போகாதே தம்பி. பிரிட்டனுக்குள் உணவை விடமாட்டார்கள், வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

லெஸ்டர் அக்கா:
அது பாதிதான் சரி. இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் தடை உண்டு, ஆனால் அது நாட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு. தம்பி வெளியே வராமல் அடுத்த விமானம் ஏறுகிறார், அதனால் அங்கே சுங்கச் சோதனை கிடையாது. பாதுகாப்புச் சோதனை மட்டும் உண்டு. சட்னி, தொக்கு, தயிர் எல்லாம் அதில் திரவக் கணக்கில் வரும். சப்பாத்தி தாராளமாகப் போகும். டொராண்டோவில் இறங்கும்போது ஏதாவது மிச்சமிருந்தால், உணவு இருக்கிறது என்று அறிவித்துவிடுங்கள்.

இனி வாங்கும் விஷயம். ஹீத்ரோவில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்துக்குப் போனால் ஒரு தட்டுக்கே 15 பவுண்டுக்கு மேல் போய்விடும். நேராக பூட்ஸ் கடைக்குப் போங்கள். பெயருக்கு மருந்துக்கடை, ஆனால் குளிர்பெட்டி நிறைய சாண்ட்விச் வைத்திருப்பார்கள். 'மீல் டீல்' என்று கேளுங்கள். ஒரு சாண்ட்விச் அல்லது ராப், ஒரு நொறுக்கு, ஒரு பானம், மூன்றும் சேர்த்து ஒரே விலை. ஐந்தாறு பவுண்டுக்குள் வரும். 'மீல் டீல்' அட்டை ஒட்டிய பொருள்களை மட்டும் எடுத்தால் பில் போடும்போது விலை தானாகக் குறையும். குறையவில்லையென்றால் மூன்றில் ஒன்று அந்தக் கணக்கில் இல்லாதது. பணம் கட்டும் முன் திரையில் பாருங்கள்.

அதில் பானத்துக்கான இடத்தைத் தண்ணீருக்கு வீணாக்காதீர்கள். காலி பாட்டில் கொண்டு போனால் குழாயில் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். பானமாகப் பழச்சாறு எடுங்கள், நொறுக்காகப் பழத்துண்டு டப்பா எடுங்கள். சோதனை தாண்டி வாங்கியது என்பதால் சாறு பாட்டிலை விமானத்துக்குள்ளும் கொண்டு போகலாம். மிச்சக் காசில் சூடாக ஒரு டீ குடிக்கலாம்.

உங்களுக்கு முக்கியமானது லேபிள். அங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை இருக்கலாம். முட்டை மயோனைஸ் சாண்ட்விச்சிலேயே அந்தக் குறி இருக்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், சேர்மானப் பட்டியலில் முட்டை, பால், கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். egg என்பது கண்ணில் உடனே படும். அவசரமென்றால் 'வீகன்' என்று போட்டதை எடுங்கள், ஃபலாஃபல் ராப் மாதிரி. அதில் முட்டை சேர்க்க மாட்டார்கள்.

ஸ்கார்பரோ அம்மா:
எனக்கு லண்டனில் விமான நிறுவனமே சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்தது. கவுண்டரில் கேள் தம்பி, காசே செலவாகாது.

லெஸ்டர் அக்கா:
அம்மா, உங்கள் விமானம் தாமதமாகியிருக்கும். டிக்கெட்டிலேயே உள்ள 7 மணி நேரம் தாமதம் ஆகாது, அதற்கு அவர்கள் சோறு போட வேண்டியதில்லை. டொராண்டோ விமானம் 4 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் அப்போது உணவு தர வேண்டும், பிரிட்டன் சட்டமே அப்படி. கூப்பன் தராவிட்டால் நியாயமான விலையில் வாங்கிச் சாப்பிட்டு ரசீதை வைத்துக்கொள்ளலாம், பிறகு கேட்டு வாங்கலாம்.

ஸ்கார்பரோ அம்மா:
ஆமாம், அன்று இரவு முழுக்க உட்கார்ந்திருந்தோம். சரிதான்.

புதுப் பயணி:
ரொம்ப நன்றி அக்கா. கார்டு?

வேளச்சேரிக்காரர்:
இது எனக்குத் தெரியும். கனடா டாலர் கார்டில் பவுண்டு கட்டினால் மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். ஒரே பில்லாகப் போடு. இயந்திரம் எந்த நாணயம் என்று கேட்டால் பவுண்டை அழுத்து, மற்றதை அழுத்தினால் அவர்கள் வைத்த விலைதான். இந்திய டெபிட் கார்டும் எடுத்துப் போ. வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் திறந்துவிடு. அங்கே போய் ஓடிபி வராமல் திண்டாடாதே.

புதுப் பயணி:
அம்மா புளியோதரைதான் கட்டித் தருவேன் என்கிறார். தாங்குமா?

ஸ்கார்பரோ அம்மா:
நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் இரண்டு நாள் இருக்கும். நாங்கள் திருப்பதிக்கு அப்படித்தான் கொண்டு போவோம்.

லெஸ்டர் அக்கா:
எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை அம்மா. வீட்டில் கட்டியதிலிருந்து ஹீத்ரோவில் பிரிக்கும் வரை 15 மணி நேரமாவது ஆகும். புளி கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் சோறு மூடியபடியே இருந்து கெட்டால் மணத்தில் தெரியாமலும் போகலாம். தம்பி, புளியோதரையைச் சென்னையில் விமானம் ஏறும் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். லண்டனுக்கு நன்றாக ஆறவைத்த சப்பாத்தி போதும். சூட்டோடு மடித்தால் வியர்த்துப் போய்விடும்.

புதுப் பயணி:
அம்மாவிடம் காட்டினேன். இரண்டையும் கட்டுகிறாராம்.