உறக்கக் கதைக் காணொளியின் முடிவு குறித்து உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டு வயதுக் குழந்தைகளுக்காக, ஒரு கன்றுக்குட்டி தொழுவத்திலுள்ள ஒவ்வொருவரிடமும் விடைபெற்றுப் படுக்கச் செல்லும் 6 நிமிடக் கதைக் காணொளி ஒன்றைத் தயாரித்து வருகிறேன். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் “நிலா வந்தாச்சு, நீயும் தூங்கு” என்ற அடி ஒரே மெட்டில் திரும்ப வருகிறது. காட்சிகள் சட்டென வெட்டி மாறாமல் 3 விநாடிகளில் ஒன்றில் ஒன்று கரைகின்றன. நிறங்களும் மங்கிய மஞ்சளிலிருந்து படிப்படியாகக் கருநீலத்துக்கு இறங்குகின்றன. இவை நிறைவாகவே அமைந்துள்ளன.

சிக்கல் முடிவில்தான். அந்த அடியின் ஒலியளவை ஒவ்வொரு முறையும் 2 டெசிபல் குறைத்துக்கொண்டே வருவதால், ஆறாவது முறை வரும்போது கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் சொற்கள் தேய்ந்துபோய், அதுவரை கண் சொருகிக்கொண்டிருந்த என் மகள் தலையைத் தூக்கித் திரையருகே காதைக் கொண்டுபோகிறாள். ஒலியளவை ஓரளவுக்கு மேல் குறைக்காமல், சொற்களுக்கிடையே உள்ள இடைவெளியை நீட்டிப் புதிதாகப் பேசிப் பதிவுசெய்வதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது; பதிவான குரலையே மென்பொருளில் இழுத்தால் அது இயல்பு கெட்டு நடுங்கி ஒலிக்கிறது.

கடைசி முறை “நீயும் தூங்கு” என்று மட்டும் சுருக்கலாமா, திரை இருண்ட பின் தம்புரா ஒலியை எவ்வளவு நேரம் தொடரவிடலாம் என்பதைச் சிறு குழந்தைகளுக்குக் கதை பதிவுசெய்த அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.