கடிதப் பாட்டில் ஒரு வரி முட்டுகிறது, உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. கப்பலில் வேலை செய்யும் மகன் அம்மாவுக்கு எழுதும் கடிதமாக ஒரு பாட்டு எழுதுகிறேன். பல்லவி முடிந்துவிட்டது. சரணத்தில்தான் சிக்கல்.

கப்பல் மேற்கே போகப் போக, கடிகாரத்தை அவ்வப்போது ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். வீட்டில் அம்மா எழுந்து வேலையைத் தொடங்கியிருப்பாள். இவனுக்கு இன்னும் இருட்டாகவே இருக்கும். பிரிவைச் சொல்ல அலை, நிலா எல்லாவற்றையும்விட இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

மெட்டின் சந்தம்: தானன தானன தானனனா. எழுதியது:

மேற்கினை நோக்கிய பாதையிலே
நேற்றினும் தாமதம் என்விடியல்

எதுகை சரி, சந்தமும் கிட்டத்தட்ட சரி. ஆனால் கடைசி எழுத்தை மெட்டு நாலு தட்டுக்கு நீட்டுகிறது. முதல் வரியின் 'லே' அழகாக நிற்கிறது. இரண்டாம் வரியில் 'யல்' குறில், அதற்குப் பின் ஒற்று வேறு. பாடுபவர் 'யாஆல்' என்று இழுத்தால் விடியலே காணாமல் போகிறது. 'என்விடியலே' என்றால் ஓர் எழுத்து கூடி, தாளத்தை விட்டு வெளியே விழுகிறது.

அதனால் ஆ அல்லது ஏ ஒலியில் முடியும் ஒரு வரி வேண்டும். முதல் சொல்லில் 'ற்' எதுகை இருக்கட்டும். 'உனக்கு விடிந்துவிட்டது, எனக்கு இன்னும் இல்லை' என்ற பொருள் வந்தால் போதும். அழுகை வேண்டாம், அம்மா பயப்படக்கூடாதென்று பார்த்துப் பார்த்து எழுதுகிற பையன் இவன்.