படிக்கட்டுக்கு ஒன்றரை கன மீட்டர் போதும் என்று நினைத்தேன்

சிப்புட்காரன்

அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் சுங்கை சிப்புட்டில் வாங்கிய வீட்டுக்கு இப்போது மாடி எடுக்கிறோம். போன சனிக்கிழமை படிக்கட்டுக்குக் கான்கிரீட் போட்டோம். லோரி காலியாகிவிட்டது, மேலே மூன்று படிகள் வெறும் கம்பியோடு நிற்கின்றன. பிற்பகல் மழை வேறு.

குத்தகையாளர் மேல் பழி போட வழியில்லை. செலவைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டவன் நான்தான். மொத்தம் 18 படிகள், ஒவ்வொன்றும் 175 மி.மீ. உயரம், மிதி 260 மி.மீ. ஒன்பது படி ஏறியதும் ஒரு லேண்டிங், அங்கே திரும்பி இன்னும் ஒன்பது. படியின் அகலம் 1 மீட்டர், அடியில் உள்ள சாய்வுத் தளம் 150 மி.மீ. கனம்.

சாய்வுத் தளத்தின் நீளத்தை வரைபடத்தில் அளந்தேன். 260 மி.மீ. மிதி எட்டு, ஆக 2.08 மீட்டர். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 0.62 கன மீட்டர். படிகளின் முக்கோணங்கள் 0.36, லேண்டிங் 0.32. கூட்டினால் 1.3. சிந்துவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 1.43, அதை 1.5 ஆக்கிச் சொன்னேன். எங்கே போயிற்று மீதி?

கணக்குப்பிள்ளை

தம்பி, நீங்கள் 1.54-ஆல் பெருக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அப்படித்தான் பெருக்கினோம். உங்கள் 1.3-ஐப் பெருக்கிப் பாருங்கள், 2 கன மீட்டர் வரும். அதைக் கேட்டிருந்தால் இன்று மூன்று படிகள் தொங்கிக்கொண்டிருக்காது.

மீனா, ரவாங்

எங்கள் வீட்டில் முதல் படி மட்டும் குட்டையாகப் போய்விட்டது. கீழ்த்தளத்துக்கு மொசைக் போட்ட பிறகுதான் தெரிந்தது. என் மாமியார் இன்னமும் அங்கே தடுமாறுகிறார். உங்கள் படிக்கு எந்த டைல்ஸ் போடப் போகிறீர்கள்? வழுக்காத வகையாகப் பாருங்கள்.

பழைய சூப்பர்வைசர்

மீனா அம்மா சொல்வது வேறு கதை. ஆனாலும் தம்பி அதையும் குறித்துக்கொள்ளட்டும். நம் நாட்டுக் கட்டட விதியில் படி உயரம் 180 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது, மிதி 255-க்குக் குறையக்கூடாது. உங்களுடையது 175, 260. மேலும் கீழும் தரைக் கனம் மாறினால் முதல் படியோ கடைசிப் படியோதான் அடி வாங்கும்.

கணக்குப்பிள்ளை ஐயா, 1.54 என்பது தளத்திலேயே கலக்கும்போது சிமெண்டு, மணல், கல் எவ்வளவு வாங்குவது என்பதற்கு உரிய எண். உலர்ந்த பொருளைத் தண்ணீர் விட்டுக் கலந்தால் இடைவெளி அடைந்து அளவு சுருங்கும், அதற்காகப் பெருக்குகிறோம். லோரியில் வருவது கலந்து முடிந்த கான்கிரீட். அதைப் பெருக்கக்கூடாது. உங்கள் 2 கன மீட்டர் இங்கே போதுமானதாக இருந்திருக்கும், உண்மைதான். ஆனால் அது மறந்துபோன வேறு அளவுகளைத் தற்செயலாக மூடியிருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். சாய்வுத் தளம் சரிவாகப் போகிறது, தம்பி அதைப் படுக்கையாக அளந்துவிட்டார். ஒரு படியின் சரிவு நீளம் 260-ம் 175-ம் சேர்ந்த மூலைவிட்டம், சுமார் 313 மி.மீ. எட்டுக்கு 2.51 மீட்டர். இரண்டு பக்கத்துக்கும் 0.75 கன மீட்டர். இங்கே 0.13 விட்டுப்போயிற்று.

முக்கோணங்கள் சரி. ஒன்பது படிக்கு எட்டு முக்கோணம்தான், ஒன்பதாவதன் முகம் லேண்டிங்கின் விளிம்பு. அதை ஒன்பதாக எண்ணுகிறவர்களும் உண்டு.

அடுத்தது, லேண்டிங்கின் அடியில் சாய்வுத் தளம் வந்து சேரும் இடம். அங்கே ஒரு முக்கோண ஆப்பு நிரம்பும். உங்கள் அளவில் 0.03, பெரியதில்லை. கீழே முதல் படி தரையில் உட்காரும் அடிக்கட்டை எவ்வளவு? லேண்டிங்கைத் தாங்கும் பீம் இருக்கிறதா?

சிப்புட்காரன்

அடிக்கட்டை 300-க்கு 300, ஒரு மீட்டர் நீளம். பீம் இருக்கிறது ஐயா. 200 மி.மீ. அகலம், லேண்டிங்கின் அடியிலிருந்து 250 மி.மீ. கீழே இறங்குகிறது, நீளம் 2.1 மீட்டர். அது வரைபடத்தில் வேறு பக்கத்தில் இருந்தது. பார்க்கவே இல்லை.

பழைய சூப்பர்வைசர்

அடிக்கட்டை 0.09, பீம் 0.105. எல்லாம் சேர்த்தால் 1.66 வருகிறது. வாளியிலும் தள்ளுவண்டியிலும் பலகை இடுக்கிலும் போவதைச் சேர்த்தால் 1.75 முதல் 1.8 வரை கேட்டிருக்க வேண்டும். முக்கோணத்தோடு சேர்ந்த ஒரு படிக்கு 0.07 பிடிக்கும். மூன்று படி என்றால் 0.21. உங்களுக்குக் குறைந்த அளவும் என் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

ஒரு சந்தேகம் மட்டும். தச்சர் 150 மி.மீ.-ஐ எப்படி அளந்தார்? சரிவுக்குச் செங்குத்தாகவா, தூக்குக்குண்டு போட்டு நேர்கீழாகவா? நேர்கீழாக 150 வைத்திருந்தால் உண்மையான கனம் 125-தான் இருக்கும். அப்படியானால் உங்கள் படுக்கை அளவுக் கணக்கு சரியாகவே வந்திருக்கும், கான்கிரீட்டும் அவ்வளவு குறைந்திருக்காது. குறைந்ததே தச்சர் சரியாக அடித்திருக்கிறார் என்பதற்கு ஒரு அடையாளம். ஆனாலும் பக்கப் பலகையைக் கழற்றியதும் பாருங்கள். உள்மூலையிலிருந்து அடிப்பரப்புக்கு மட்டத்தைச் சரிவுக்குச் செங்குத்தாக வைத்தால் 150, நேர்கீழாக வைத்தால் சுமார் 180 வர வேண்டும்.

லோரிக்காரர்

1.8 கேட்டாலும் ஆலையில் முகம் சுளிப்பார்கள். சின்ன லோடுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பது வழக்கம். அந்தப் பணத்துக்குப் பயந்து ஒன்றரை வாங்குகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

சிப்புட்காரன்

என்னைத்தான் சொல்கிறீர்கள். மீதியைக் கையால் கலந்து போடலாமா?

பழைய சூப்பர்வைசர்

போடலாம். 1:1½:3 கலவைக்கு 0.21-க்கு ஐம்பது கிலோ மூட்டை இரண்டு வாங்குங்கள், சற்றே மிஞ்சும். ஆனால் எனக்கு உறுத்துவது கலவை இல்லை, நின்ற இடம். லோரி தீர்ந்ததும் கான்கிரீட் சரிந்து நாக்குப்போல மெலிந்து முடிந்திருக்கும். சாய்வுத் தளத்துக்குச் செங்குத்தாக ஒரு பலகை அடித்து நிறுத்தியிருந்தால் நல்ல இணைப்பு கிடைத்திருக்கும். மெலிந்த நாக்கைக் கல் தெரியும்வரை உளியால் கொத்தி எடுங்கள். தூசியைக் கழுவி, ஈரமாக்கி, சிமெண்டுப் பால் தடவி உடனே போடுங்கள். கம்பியில் ஒட்டிக் காய்ந்ததையும் சுரண்ட வேண்டும்.

கட்டட மாணவி

மேல் பீமிலிருந்து மூன்று படி தள்ளி என்றால் சுமார் 0.8 மீட்டர்தானே ஐயா. அங்கே வெட்டு விசை இன்னும் கணிசமாக இருக்காதா? நடுப்பகுதிக்கு நெருக்கமாகவே இணைப்பு வைக்கச் சொல்லித் தந்தார்கள். என்னைக் கேட்டால் இன்னும் இரண்டு படி கீழே வரை கொத்தச் சொல்வேன்.

பழைய சூப்பர்வைசர்

சொல்வது புரிகிறது அம்மா. வீட்டுப் படிக்கட்டின் பளுவுக்கு நான் அங்கேயே விடுவேன். ஆனால் கம்பி வரைபடம் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். வரைந்த பொறியாளரைக் கேட்கட்டும்.

சிப்புட்காரன்

இன்று பக்கப் பலகையைக் கழற்றினோம். செங்குத்தாக 152, நேர்கீழாக 183. தச்சர் சிரித்துவிட்டுப் போனார். பொறியாளர் திங்கட்கிழமை வருகிறார். அதுவரை அடி முட்டுகளைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்; கான்கிரீட் நின்ற இடத்தின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன்.