எம்.ஐ.ஆர்.ஆர். கணக்கில் மறுமுதலீட்டு விகிதம்: எதைப் போடுவது?

ஒரு இயந்திரத்துக்கு முதலீடு 10 லட்சம். 3 ஆண்டுகளும் ஆண்டு முடிவில் 5 லட்சம் வரும். முதலீட்டின் உள்ளார்ந்த ஆண்டு வருவாய் விகிதமான ஐ.ஆர்.ஆர். 23.4% வருகிறது. ஆனால் 10 லட்சமும் 3 ஆண்டுகள் முழுக்க இந்த வேகத்தில் வளர வேண்டுமானால், முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் பணத்தையும் 23.4 சதவீதத்திலேயே திரும்பப் போட்டாக வேண்டும். அப்போதுதான் கடைசியில் 18.78 லட்சம் சேரும். அப்படி எங்கே கிடைக்கும்?

வைப்புநிதியின் 7 சதவீதத்தில் போட்டால் சேர்வது 16.07 லட்சம்தான்; இந்த மறுமுதலீட்டு விகிதத்தை வைத்துத் திருத்திய ஐ.ஆர்.ஆர்., அதாவது எம்.ஐ.ஆர்.ஆர். 17.1%. எக்செலில் B1-இல் -10, B2 முதல் B4 வரை 5 என இட்டு:

```
=MIRR(B1:B4, 12%, 7%)
```

முதலில் கடன் வட்டி, பிறகு மறுமுதலீட்டு விகிதம். இரண்டையும் மாற்றிப் போட்டால் 19% காட்டும், பிழைச்செய்தி வராது. பணம் வெளியே போவது தொடக்கத்தில் மட்டும் என்பதால், இங்கே 12% விடையைத் தொடவே கூடாது. அதை மாற்றும்போது விடையும் அசைந்தால் வரிசை தவறு.

கேள்வி இதுதான்: வரும் பணம் வைப்புநிதிக்குப் போகாமல், 12% வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்கப் போனால், மறுமுதலீட்டு விகிதமாக 12 சதவீதத்தையே வைக்கலாமா? முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தையும் வரிச்சலுகை இழப்பையும் அதில் எப்படிக் கழிக்கிறீர்கள்? திட்ட அறிக்கை தயாரிப்பவர்கள் சொல்லுங்களேன்.