புதுப்பிப்பு: அட்டைப்பெட்டி பில்லில் 2.50 ரூபாய் வித்தியாசம்

நான் கேட்டிருந்தது: “கொள்முதல் ஆணையில் பெட்டி 42 ரூபாய், பில்லில் 44.50. 2,000 பெட்டிகள். பணம் விடுவிக்கலாமா?”

விடுவிக்கவில்லை, நல்லதாயிற்று. விலை உயர்வுக் கடிதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. கடிதம் கொள்முதல் பிரிவின் மின்னஞ்சலில் இருந்தது, எங்களுக்கு வரவேயில்லை. ஆனால் அது புதிய ஆணைகளுக்கு மட்டும். எங்கள் ஆணை அதற்கு முந்தையது. சப்ளையர் சரக்கு அனுப்பிய தேதியை வைத்துப் புது விலை போட்டிருக்கிறார்.

42 கணக்கில் பணம் அனுப்பி விஷயத்தை முடிக்கச் சொன்னார் ஒருவர். பாதிதான் சரி. பில் 44.50-லேயே நின்றால் சப்ளையர் பேரேட்டில் 5,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் பாக்கியாகவே தெரியும். நாமும் கூடுதல் வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்துவிடுவோம். ஆகவே பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் கேட்டு சப்ளையருக்கு எழுதினேன். கடிதத்தையும் ஆணைத் தேதியையும் இணைத்ததும், மறுநாளே ஒப்புக்கொண்டார்.

பெட்டிகள் குறைந்து வந்ததைச் சொன்ன தம்பி, அது சரக்கு வரவுச் சீட்டில் தெரியும் வேறு சிக்கல். எங்களுக்கு எண்ணிக்கை சரியாகவே இருந்தது.

ஒன்று மட்டும் தீரவில்லை. சப்ளையர் சிறு நிறுவனம். அவருக்குப் பணம் கொடுக்க 45 நாள் கெடு இருக்கிறது. சரக்கை ஏற்றுக்கொண்டு விலையை மட்டும் மறுத்தால் அந்தக் கெடு நிற்குமா? தணிக்கையாளரிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை தகராறில்லாத தொகையை நாளையே அனுப்புகிறேன்.